சீசனிலும் நிற்காத வலைப்பூ

என் கணவர் சிவகாசியில் தினசரி காலண்டர் அச்சடிக்கிறவர். எல்லாரும் வலைப்பூ ஆரம்பித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் அவரும் ஒன்று ஆரம்பித்தார். அச்சகத்துக்கு ஆர்டர் வரும் என்பது வெளியே சொன்ன காரணம். எழுத வேண்டும் என்பது உள்ளே கிடந்த ஆசை. கல்லூரியில் எழுதிக்கொண்டிருந்தவர், அச்சகத்தில் உட்கார்ந்ததும் பேனாவை மூடியிருந்தார்.

காலண்டர்காரர் புத்தி எங்கே போகும்? நாளுக்கு ஒரு தாள் கிழிப்பதுபோல் நாளுக்கு ஒரு பதிவு என்று வருசம் முழுவதற்கும் கட்டம் போட்டார். தையில் கிளம்பியது மாசிக்குள் மூச்சு வாங்கியது. ஆடிப்பெருக்கன்று மறு வருசத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வந்து ஆர்டர் குவியத் தொடங்கியதும் அடியோடு நின்றது. அடுத்த வருசமும் அதே கதை.

"நமக்கெல்லாம் எழுத்து எதுக்கு? மூடிருவோம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாதா? இந்தத் தடவை விட்டால் இவர் இனி எழுதவே மாட்டார் என்று பட்டது. பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும்.

"ஆடி ஆர்டருக்கு வைகாசியிலயே பேப்பர் வாங்கிப் போடுறீக. பதிவை மட்டும் அன்னன்னைக்குத்தான் எழுதணுமாக்கும்?"

மிஷின் ஓய்ந்திருந்த பங்குனியில் இருவரும் உட்கார்ந்தோம். மாதத்துக்கு இரண்டு வெள்ளிக்கிழமை போதும் என்று முடிவானது. பண்டிகையன்று பண்டிகையைப் பற்றி எழுதும் அவர் வழக்கத்தை முதலில் அடித்தேன். காலண்டர் ஆர்டர் கொடுக்கிற கடைக்காரர் ஆடியில் படம் தேர்ந்தெடுப்பார் என்றால் அதைப் பற்றிய பதிவு ஆனியிலேயே வர வேண்டும். காலண்டரில் கடைப் பெயரை எவ்வளவு பெரிதாகப் போடுவது என்பது ஆடிக்கு. ஆர்டர் பிடித்து முடிந்த ஐப்பசிக்குப் பிறகு அவர் ஆசைப்பட்ட கதைகள். எந்த மாதத்துக்கும் பொருந்துகிற சிலவற்றை, அவசரத்துக்கு என்று தேதி போடாமல் ஒதுக்கினோம்.

வைகாசிக்குள் எழுதி, வெளியாக வேண்டிய நாளைக் குறித்து ஏற்றிவிட்டோம். அந்தந்த நாளில் அதுவாக வெளியாகும். வந்ததா என்று பார்ப்பதும் பின்னூட்டங்களுக்குப் பதில் போடுவதும் என் பாடு.

தீபாவளி கழிந்த ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். அச்சக வாசலில் லாரி லோடு ஏற்றிக்கொண்டிருந்தது. மாடி வீட்டுக்கு ஏறிவந்து சோற்றை அள்ளி விழுங்கிக்கொண்டிருந்தவருக்கு அன்றைய பதிவை வாசித்துக் காட்டினேன். மகள் பிறந்த தேதியைக் கிழிக்க மனசில்லாமல், அதை மேலேயே விட்டுவிட்டு, அடியிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்த சாத்தூர் டீக்கடைக்காரரின் கதை.

சாப்பிடுவதை நிறுத்தினார்.

"நல்லா இருக்கே. யாரு எழுதுனது?"

"நீங்கதான். சித்திரையில எழுதுனீக."

"நானா?"

 கீழே லாரிக்காரர் ஹார்ன் அடித்தார்.

"செத்த நேரம் நிக்கட்டும்" என்றார் அவர். "நீ முதல்ல இருந்து வாசி."