இருநூற்றியெண்பதுக்குள் றெமிஜியஸ்

வேரோனிக்காவிடம் மரண அறிவித்தல் கொண்டுவருகிறவர்கள் யாரும் சுருக்கமாகக் கொண்டுவந்ததில்லை. கோட்டுத் தைக்கிற பக்ரறியில் பதினெட்டு வருசம் நின்று, இப்போது ஸ்காபரோப் பள்ளிக்கூடம் ஒன்றின் மதியச் சாப்பாட்டறையில் வேலை செய்கிற மனுசி அவர். வேலை முடிந்ததும் தமிழ் வானொலியின் எக்ஸ் (பழைய ட்விட்டர்) கணக்கில் அறிவித்தல்களைப் போடுவதும் அவர்தான். சம்பளம் கிடையாது, ஏச்சு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

அன்று மதிய வேலை முடிந்து அவர் வீட்டுக்கு வந்த கையோடு கிளிபோட் ஓடிவந்தான். நாற்பது வயதுப் பிள்ளை, முகம் வீங்கிப் போயிருந்தது. அவனுடைய தகப்பன் றெமிஜியஸின் உடல் மாலை ஐந்து மணிக்கு ஸ்காபரோ மலர்ச்சாலையில் பார்வைக்கு வைக்கப்படும் என்று மூன்று நாளாக எல்லோருக்கும் சொல்லியாயிற்று. காலையில் பார்த்தால் அங்கே குளிரில் குழாய் வெடித்து, மண்டபம் முழுக்கத் தண்ணீர். வடக்கே தூரத்தில் இருக்கிற ஸ்ரௌவ்வில் கிளைக்கு மாற்றிவிட்டார்கள்.

"அம்மா அழுதுகொண்டு நிக்கிறா, அன்ரி. அப்பாவோட ரெக்ஸ்டேல் பக்ரறியில வேலை செய்த ஆக்கள் பஸ்ஸில வருவினம். ஆற்ற நம்பரும் எங்களிட்ட இல்லை. இந்தச் சினோ கொட்டுற குளிருக்க பூட்டின கதவில போய் நிண்டா என்ன செய்யிறது? அவை வராமல் அப்பாவை அனுப்பேலாது எண்டு அம்மா சொல்றா."

அவன் போனில் எழுதிக் கொண்டுவந்ததை வேரோனிக்கா எக்ஸின் பெட்டிக்குள் ஒட்டினார். சிவப்பில் மைனஸ் அறுநூற்றுப் பதினான்கு என்று வந்தது. இலவசக் கணக்கு, இருநூற்றியெண்பது எழுத்துக்கு மேல் விடாது.

"இவ்வளவு எழுத்து இல்லையே அன்ரி!"

"உனக்கு 'ஸ்' ஒரு எழுத்து. உவங்களுக்கு ரெண்டு. எழுத்து ஒண்டு, புள்ளி ஒண்டு. கொம்பு, விசிறி எல்லாத்துக்கும் வேற கணக்கு."

"அப்ப ரெண்டாப் பிரிச்சுப் போடுவம்."

"சனம் ஒண்டைத்தான் போட்டோ பிடிச்சு வட்சப்பில அனுப்பும். மற்றது இஞ்சயே கிடக்கும்."

மைத்துனர்மார் ஆறு பேரை வெட்டினார். பெறாமக்களை வெட்டினார். சின்ன மாமாவை வெட்டியபோது கிளிபோட் நெஞ்சில் கை வைத்தான். "அவர் என்னோட கதைக்கமாட்டார்!" "கதைக்காட்டி நல்லது, விடு" என்றார். ஆனாலும் பழக்கம் விடுமா? "ஊர்காவற்றுறையைப் பிறப்பிடமாகவும்" என்பதையும் "றீற்றாவின் அன்புக் கணவரும்" என்பதையும் வெட்ட அவருக்கே மனம் வரவில்லை. அதெல்லாம் இல்லாமல் அறிவித்தலா? ஸ்ரௌவ்வில் என்பதும் நேரமும் கடைசி வரியில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தன. போட்டார்.

ஐந்து நிமிடத்தில் ஒரு பதில் வந்தது. "ஆழ்ந்த இரங்கல். மாலை ஸ்காபரோவில் சந்திப்போம்."

வேரோனிக்கா போட்டதைத் திரும்ப வாசித்தார். அறிவித்தலில் ஸ்ரௌவ்வில் என்று இருக்கிறதே! பிறகுதான் விளங்கியது. முதல் வரியைப் பார்த்ததும், இது தெரிந்த செய்திதானே என்று ஆள் போய்விட்டார். றெமிஜியஸ் செத்தது ஊருக்குத் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான், அதைத்தான் வேரோனிக்கா கொண்டுபோய் வாலில் கட்டியிருக்கிறார். மோட்டு வேலை! தன்மேல் வந்த கோபத்தில் பதிவை அழித்தார்.

"தம்பி, இனி என்னோட வாதாடாதே. பிறந்த இடம் போகுது, அம்மா போறா, அன்பு மகன் நீயும் போறாய்."

"நானுமா?"

"உன்ர நம்பர் நிக்கும். ஸ்ரௌவ்விலுக்குக் கார் இல்லாமல் அந்தக் கிழடுகள் எப்பிடி வரும்?"

கடைசியில் மிஞ்சியது இதுதான்:

"இடம் மாறிவிட்டது. ஸ்காபரோவுக்குப் போகாதீர்கள். றெமிஜியஸ் அன்புராசா பார்வைக்கு: இன்று மாலை 5–9, ஸ்ரௌவ்வில் கிளை மலர்ச்சாலை, 88 பிரதான வீதி. வாகனம் இல்லாதவர்கள் கிளிபோட்டை அழைக்கவும்: 416 555 0142."

கிளிபோட் இரண்டு தரம் வாசித்தான். "அப்பாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, அன்ரி" என்றான். குரல் உடைந்தது. வேரோனிக்கா பொத்தானை அழுத்தினார்.

ஐந்தேகாலுக்கு அவர் ஸ்ரௌவ்வில் போய்ச் சேர்ந்தபோது சவப்பெட்டியருகே றீற்றா வாசலையே பார்த்தபடி இருந்தார். சொந்தக்காரர் கொஞ்சம்தான். சின்ன மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். ஆறு மணியளவில் கிளிபோட்டின் வான் வந்து நின்றது. ஒருவர் பின் ஒருவராக ஏழு கிழவர்கள், தொப்பியில் சினோவோடு இறங்கினார்கள். றீற்றா எழுந்து ஓடினார்.

அவர்களில் அஞ்சலி செலுத்திவிட்டு வந்த பத்மநாதன் என்கிறவரிடம் வேரோனிக்கா மெல்லச் சொன்னார்: "குறை நினையாதேங்கோ அண்ணை. இடம் மாறினதைத்தான் போட்டன். ஆள் ஆரெண்டுகூடச் சரியா எழுதேலாமல் போச்சு."

பத்மநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இருபத்திரண்டு வருசம் ஒரே மெசின்ல நிண்டனாங்கள், தங்கச்சி. ஆள் ஆரெண்டு எங்களுக்குத் தெரியும். எங்க கிடக்கிறான் எண்டுதான் தெரியாமல் இருந்தது."