‘பார்க்காதது’ என்று ஒரு கட்டம்

அந்த அக்காவிடம் நான் முதலில் வாங்கியது திட்டு. வேலைக்குச் சேர்ந்த அன்று காலை, டெஸ்டிங் மேசையில் கிடந்த ஒரு போர்டை ஆசையாகக் கையில் எடுத்தேன்.

“கீழ வை.”

நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் மீட்டரின் முனைகளைப் பிடித்தபடி நின்றிருந்தார். முப்பத்தெட்டு வயது இருக்கும்.

“நான் புது என்ஜினியர்” என்றேன்.

“அதனால என்ன, என்ஜினியர் கை வேர்க்காதா? ஓரத்தைப் பிடிச்சு வை.”

வைத்தேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். என் சான்றிதழை அப்பா லேமினேஷன் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். அதை மனதில் வைத்துக்கொண்டு, இந்த அம்மாவுக்கு ஒருநாள் காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். காட்டவும் செய்தேன். அந்தக் கேவலத்தைத்தான் எழுதுகிறேன்.

பன்னிரண்டு பேர் வேலை செய்யும் பட்டறை எங்களுடையது. லிப்ட் பலகை, தண்ணீர்த் தொட்டி அலாரம், ஆஸ்பத்திரியில் நோயாளி பொத்தானை அமுக்கினால் நர்ஸ் மேசையில் விளக்கு எரியும் பலகை, இப்படிப்பட்ட சாமான்கள் செய்வோம். அக்கா பதினேழு வயதில் சால்டரிங் வைக்க வந்தவர். யாரும் சொல்லித்தராமல் டெஸ்டிங்குக்கு ஏறியவர். பட்டறையில் அவருக்குப் பெயர் ‘டவுட்டு’. லேத் பட்டறையில் இருக்கும் அவர் வீட்டுக்காரர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: “சுவிட்ச் போட்டு லைட் எரிஞ்சா நமக்குச் சந்தோஷம். இவ அணைச்சுட்டு இன்னொரு தடவை போட்டுப் பாப்பா.”

எங்கள் சோதனைத் தாளில் இரண்டே கட்டங்கள் அச்சாகியிருக்கும். ஒன்று ‘பார்த்தது’, மற்றொன்று ‘முடிவு’. அக்கா ஒவ்வொரு தாளிலும் வலது ஓரத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு கிழித்து, மூன்றாவதாக ‘பார்க்காதது’ என்று எழுதுவார். மழையில் பார்க்கவில்லை, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டவில்லை, இந்த மாதிரி. முதலாளிக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

“ஏம்மா, கல்யாணப் பத்திரிகையில யார் யார் வரமாட்டாங்கன்னா போடுவாங்க?”

“பந்தியில இலை எத்தனை போடணும்னு தெரியணும்ல முதலாளி.”

நான் சேர்ந்த ஏழாவது மாதம் ஆஸ்பத்திரி ஆர்டர் வந்தது. ஒரு வார்டுக்கு இருபது படுக்கை, ஆகவே பலகையில் இருபது எல்.ஈ.டி. நாங்கள் வழக்கமாகப் போடும் சிப்பில் இருபது பொத்தானுக்கே இருபது இணைப்புக் கால்கள் போய்விட்டன. பஸ்ஸருக்கு ஒன்று கொடுத்தபின் விளக்குகளுக்கு மிஞ்சியவை ஐந்து. வேறு சிப்புகள் சேர்க்க முதலாளிக்கு மனமில்லை. “தம்பி, நீ படிச்சவன். ஏதாவது பண்ணு” என்றார். அந்த ‘படிச்சவன்’ போதும் எனக்கு.

சார்லிபிளெக்சிங் போட்டேன். எல்.ஈ.டி. ஒரு பக்கமாக மட்டுமே மின்சாரத்தை விடும். அதனால் இரண்டு கால்களுக்கு நடுவே இரண்டு விளக்குகளை எதிரெதிராக வைக்கலாம். ஒரு கால் மின்சாரம் தரும், இன்னொன்று வாங்கும், மற்ற மூன்றும் தருவதுமில்லை வாங்குவதுமில்லை, கையை விட்டுவிட்டு ஒதுங்கி நிற்கும். அப்போது அந்த ஒரு விளக்கு மட்டும் எரியும். ஐந்து கால்களில் பத்து ஜோடி, ஜோடிக்கு இரண்டு, ஆக இருபது விளக்கு. கணக்கு அழகாக உட்கார்ந்தது. ஆனால் என் நிரல் ஒரு நேரத்தில் ஒரு விளக்கைத்தான் எரிய வைக்கும். பல விளக்குகள் வேண்டுமென்றால் ஒன்றை அணைத்து அடுத்ததை ஏற்றி, நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல் ஓட வேண்டும். கண் அதைப் பிடிக்காது, எல்லாம் சேர்ந்தே எரிகிறது என்று நம்பிவிடும்.

அதிலும் நான் ஒரு சாமர்த்தியம் செய்தேன். எரிய வேண்டாத விளக்குகளுக்கு ஏன் நேரம் ஒதுக்க வேண்டும்? அவற்றைத் தாண்டிப் போகும்படி எழுதினேன். யாராவது ஒருவர் அமுக்கினால் முழு நேரமும் அந்த விளக்குக்கே. பளிச்சென்று எரிந்தது. முதலாளி என் தோளைத் தட்டினார்.

அக்கா தட்டவில்லை. “இருபதையும் ஒண்ணா அமுக்கிப் பாக்கணும். ஜன்னல் பக்கம், வெயில்ல வச்சு” என்றார்.

“எந்த ஆஸ்பத்திரியில அக்கா இருபது பேரும் ஒரே நேரத்துல கூப்பிடுவாங்க?” என்று சிரித்தேன்.

“நீங்க படுத்திருக்கீங்களா ஆஸ்பத்திரியில?”

“கணக்குப்படி எரியும்.”

“கணக்கு எரியட்டும் என்ஜினியர் சார். விளக்கு எரியுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. அன்று மாலையே வண்டி ஏற்ற வேண்டும் என்று முதலாளி நின்ற இடத்தில் நின்று கத்தினார். அக்கா டியூப் லைட் வெளிச்சத்தில் ஒவ்வொரு விளக்காகப் பார்த்து ‘சரி’ போட்டார். மூன்றாவது கட்டத்தில் எழுதினார்: ‘பல விளக்குகள் சேர்ந்து எரிவது. வெயில்.’ கையெழுத்துப் போட்டுப் பேனாவை மேசைமேல் எறிந்துவிட்டுப் போனார்.

நான்கு மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. ஒன்பதாம் படுக்கையில் வயிற்றில் ஆபரேஷன் ஆன ஒரு பெரியவர், காலை பதினொரு மணிக்குப் பொத்தானை அமுக்கியிருக்கிறார். இருபத்தாறு நிமிடம் யாரும் வரவில்லை. தானே இறங்கப் பார்த்து விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது. அவர் அழைத்த நேரம் எங்கள் பலகையின் நினைவகத்தில் துல்லியமாகப் பதிவாகியிருந்தது. விளக்கு எரிந்ததைப் பார்த்தும் போகவில்லை என்று பணியில் இருந்த நர்ஸை இடைநீக்கம் செய்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. பலகையைச் செய்தவரும் சோதித்தவரும் வர வேண்டும். பலகை சரி என்றால் அந்த நர்ஸுக்கு வேலை போய்விடும்.

வண்டியில் போகும்போது முதலாளி திரும்பிப் பார்க்காமலே பேசினார். “ரெண்டு பேரும் ஒரே வார்த்தை. போர்டு சரி. சரி இல்லைன்னா கையெழுத்துப் போட்டது யாருன்னு கேப்பாங்க. ஏம்மா, புரியுதா?”

“நல்லாப் புரியுது.”

கண்காணிப்பாளர் அறையில் அந்த நர்ஸ் சுவரோரம் நின்றிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. “விளக்கு எரியவே இல்லை சார். அன்னைக்கு காலையில இருந்து பஸ்ஸர் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. வரிசையா ஒவ்வொரு பெட்டா போய்ட்டுத்தான் இருந்தேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பல தடவை சொல்லிச் சொல்லிக் குரல் தேய்ந்துபோயிருந்தது.

கண்காணிப்பாளர் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். “இதோ சோதனை அறிக்கை. இருபது விளக்கும் சரின்னு இருக்கு.”

அக்கா எட்டிப் பார்த்தார். நகல் அது. வலது ஓரம் இல்லை. மூன்றாவது கட்டத்தை மறைத்துவைத்து ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார்கள். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். முதலாளியின் பக்கம் திரும்பி, மெதுவாகத்தான் கேட்டார்: “என் கையெழுத்தை வச்சுக்கிட்டு என் எழுத்தை வெட்டிட்டீங்களா?”

“ஏம்மா, அப்புறம் பேசலாம்.”

“எப்புறம்? இந்தப் பொண்ணு வீட்டுக்குப் போனப்புறமா?” கைப்பையிலிருந்து மூலத்தாளை எடுத்து மேசையில் வைத்தார். “இதையும் படிங்க சார். படிச்சுட்டு வார்டுக்கு வாங்க. இப்ப மணி பத்தே முக்கால். வெயில் இருக்கும்போதே பாத்துரலாம்.”

வார்டில் நர்ஸ் மேசைக்கு எதிரே பெரிய ஜன்னல். வெயில் நேராகப் பலகை மேல் விழுந்தது. அக்கா படுக்கைகளுக்கு நடுவே நின்று சத்தம் போட்டார்: “நான் நம்பர் சொல்றவங்க பட்டனை அமுக்குங்க. பயப்படாதீங்க, ஊசி ஒண்ணும் போட மாட்டோம்.”

“கூப்பிட்டப்ப ஒரு ஆளும் வரல. இப்ப ஊரே வந்து நிக்குது” என்றது ஒரு கட்டுப்போட்ட கால்.

“ஒன்பது.”

ஒன்பது பளிச்சென்று எரிந்தது. “தெரியுதா சார்?”

“நல்லாத் தெரியுதே” என்றார் கண்காணிப்பாளர். முதலாளி மூச்சை விட்டார்.

“ரெண்டு. பதிமூணு. பதினாறு.” ஒவ்வொன்று ஏற ஏற ஒன்பது இறங்கியது. ஏழு பேர் ஆனதும் கண்காணிப்பாளர் கண்ணாடியைத் துடைத்தார். பன்னிரண்டில் பலகைமேல் கையைக் குடையாகப் பிடித்துக் குனிந்தார். கைநிழலில் மட்டும் மினுக்மினுக்கென்று ஏதோ தெரிந்தது. கையை எடுத்தால் வெறும் பலகை. பஸ்ஸர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

“இது ஓவர்லோடு சார். இத்தனை பேர் அமுக்கினா எந்த போர்டும்...” என்று ஆரம்பித்தார் முதலாளி.

எனக்குள் ஏதோ அறுந்தது. அவர்மேல் வந்த கோபம் பாதி. என்மேல் வந்தது மீதி.

“ஓவர்லோடு இல்லை சார்” என்றேன். கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். “அது என் கணக்கு. ஒரு நேரத்துல ஒரு விளக்குதான் எரியும். ஒருத்தர் கூப்பிட்டா முழு நேரமும் அவருக்கு. பன்னெண்டு பேர் கூப்பிட்டா ஆளுக்குப் பன்னெண்டுல ஒரு பங்கு. கூடுதல் மின்சாரம் விட்டு ஈடு கட்டவும் முடியாது, சிப்போட கால் தாங்காது. எத்தனை பேருக்கு உதவி வேணுமோ அத்தனைக்கு அத்தனை மங்கும். நான் அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கேன். இந்த அக்கா அன்னைக்கே சொன்னாங்க. நான் சிரிச்சேன்.”

நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு, யாரும் சொல்லாமலே உட்கார்ந்தார்.

அக்கா என்னைப் பாராட்டவில்லை. வெளியே வந்ததும், “நாலு மாசம் முன்னால பேசியிருக்க வேண்டிய வாய்” என்றார். அவ்வளவுதான்.

அந்த ஆஸ்பத்திரியின் நான்கு வார்டுப் பலகைகளையும் நானே திரும்பச் செய்தேன். மூன்று சின்ன சிப்புகள் கூடுதலாகப் போட்டேன். பழைய சிப்பின் மூன்று கால்கள் அவற்றுக்குச் செய்தி அனுப்பினால் போதும். இருபது விளக்குக்கும் தனித்தனியாக வழி உண்டு, யாரும் யாருக்காகவும் மங்க வேண்டியதில்லை. முதலிலேயே போட்டிருக்கலாம். சுண்டுவிரல் நகம் அளவு சிப்பு மூன்று. அதை மிச்சம் பிடித்ததற்குத்தான் நான் தோளில் தட்டு வாங்கினேன்.

விசாரணை நடந்த அன்று மாலையே அக்காவை முதலாளி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். காரணம் கேட்டதற்கு, “கம்பெனி பேப்பரை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்கா” என்றார். என்னை நிறுத்தவில்லை. பலகையைத் திரும்பச் செய்ய ஆள் வேண்டுமே. கடைசிப் பலகையை மாட்டிய மறுநாள் நானாகவே நின்றுகொண்டேன். அதை வீரம் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

அந்த நர்ஸ் அதே வார்டில் இருக்கிறார். அக்கா இப்போது ஊரின் மறுகோடியில், பம்ப் மோட்டார் ஸ்டார்ட்டர் செய்யும் பட்டறையில் டெஸ்டிங் பார்க்கிறார். இரண்டு பஸ் மாறிப் போகிறார். அங்கேயும் அவருக்கு ‘டவுட்டு’ என்றுதான் பெயராம்.