முதல் வரியை நான் வாசிக்கவில்லை

அந்த எச்சரிக்கைப் பக்கத்தை எத்தனை நொடி பார்த்தேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். இரண்டு நொடிகூட இருக்காது. வலக்கையில் மவுஸ், இடத்தோளில் பிள்ளை. "இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று திரையில் வந்தது. 'அட்வான்ஸ்ட்' என்பதை அழுத்தினேன், கீழே வந்த 'தொடர்க' என்பதையும் அழுத்தினேன். அலுவலக மின்னஞ்சல் பக்கம் திறந்தது. கடவுச்சொல்லைப் போட்டேன். பக்கம் ஒருமுறை வெள்ளையாகி, மறுபடியும் கடவுச்சொல் கேட்டது. பிள்ளை அழுததால் அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு நிறுவனத்தின் கணினி உதவிப் பிரிவில் வேலை செய்கிறேன். தொழிற்சாலை ஊழியர்கள் போன் செய்வார்கள். பிரிண்டர் ஓடவில்லை, பக்கம் திறக்கவில்லை என்பார்கள். எங்கள் உள் பக்கங்கள் பலவற்றுக்கு, பக்கம் உண்மையானதுதான் என்று உலாவிக்குக் காட்டும் சரியான சான்றிதழ் கிடையாது. அதனால் அந்த எச்சரிக்கை தினமும் வரும். "அது ஒன்னுமில்லங்க, அட்வான்ஸ்ட் அமுக்குங்க, புரொசீட் அமுக்குங்க" என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்காவது சொல்வேன். வாய்க்குப் பழகியது கைக்கும் பழகிவிட்டது.

ஆனால் மின்னஞ்சல் பக்கம் உள் பக்கம் அல்ல. வெளியிலிருந்து யாரும் திறக்கக்கூடிய பக்கம். அதற்குச் சான்றிதழ் உண்டு. அதில் அந்த எச்சரிக்கை ஒருநாளும் வந்ததில்லை. இது எனக்கு உறைத்தது அரைமணி நேரம் கழித்து, ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது.

பயம் வெறும் கடவுச்சொல்லைப் பற்றியது அல்ல. என் மகள் குறைமாதத்தில் பிறந்தவள். ஒரு வயதாகும்வரை நிறையப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் விடவேண்டாம், நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்போது அவளுக்கு எட்டு மாதம். வீட்டிலிருந்து வேலை செய்ய எனக்கு அனுமதி கொடுத்தபோது மேலாளர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். வீட்டு இணைப்பால் நிறுவனத்துக்கு ஏதாவது பிரச்சினை வந்தால், மறுநாளே அலுவலகத்துக்கு வரவேண்டும். நான் போனால் பிள்ளை குழந்தைக் காப்பகத்துக்கு, எங்கள் பேச்சில் தாஸ்காவுக்கு, போகவேண்டும். வேறு வழி எங்களுக்கு இல்லை.

மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தேன். அதற்குள், வீட்டிலிருந்தே அலுவலக வலைக்குள் கொண்டுபோகும் விபிஎன் இணைப்பைப் போட்டிருந்தேன். ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதற்குரிய எண் முகவரியைச் சொல்வது டிஎன்எஸ் சேவை. வீட்டில் அந்தக் கேள்வி முதலில் ரவுட்டரிடம்தான் போகும். ரவுட்டர் பொய் சொன்னால், சரியான பெயரைத் தட்டினாலும் தவறான இடத்துக்குப் போய்ச் சேருவோம். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஒரே பெயரை இரண்டு இடத்தில் கேட்டுப் பார்ப்பது. கறுப்புத் திரையில் nslookup என்று அடித்து மின்னஞ்சல் பெயரைக் கொடுத்தேன். 203-இல் தொடங்கும் முகவரி வந்தது. அதே வரியின் கடைசியில் 8.8.8.8 என்று பொதுச் சேவையகத்தின் எண்ணைச் சேர்த்துக் கேட்டேன். அதே முகவரி.

மூச்சு வந்தது. பிள்ளையின் உச்சந்தலையில் முத்தம் கொடுத்தேன். ஒன்றுமில்லை, நான்தான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தச் சமாதானம் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. இரண்டு பதிலும் ஒன்றென்றால் எச்சரிக்கை ஏன் வந்தது?

எங்கள் நிறுவனத்தின் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் எனக்கு மூத்தவரான ஓர் அக்கா இருக்கிறார். வாய் கொஞ்சம் நீளம், வேலையில் யாரும் அவரை மிஞ்ச முடியாது. அவருக்குப் போன் செய்தேன்.

"அக்கா, சும்மா ஒரு டவுட். காலையில மெயில் பேஜ்ல செர்ட் வார்னிங் வந்துச்சு."

"வந்துச்சா? நீ அமுக்கிட்டு உள்ள போனியா?"

"இல்லக்கா. மூடிட்டேன்."

அந்தப் பொய் எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. சொல்லி முடித்தபோது காது சுட்டது.

"நல்லது. லுக்அப் பண்ணிப் பாத்தியா?"

"பாத்தேன்கா. ரவுட்டரும் பப்ளிக்கும் ஒரே பதில்தான்."

"ரவுட்டர் பதில்னு உனக்கு எப்படித் தெரியும்? மொத வரியில சர்வர்னு என்னா போட்டிருக்கு? படி."

படித்தேன். 192.168-இல் தொடங்கும் ரவுட்டர் எண் அங்கே இல்லை. பத்தில் தொடங்கும் எண் இருந்தது.

"பத்தா? அது நம்ம ஆபீஸ் டிஎன்எஸ் லா! விபிஎன் போட்டுக்கிட்டு கேட்டா விண்டோஸ் ஆபீசதான் கேக்கும். நீ ரவுட்டர்கிட்ட ஒரு வார்த்தகூட பேசலம்மா. ஆபீஸ் நல்லாருக்கான்னு ஆபீசயே கேட்டிருக்க. ஹெல்ப்டெஸ்க்ல எத்தன வருசம் நீ?"

"நாலுக்கா."

"அடோய். விபிஎன்ன கட் பண்ணிட்டு மறுபடியும் கேளு. நான் லைன்லயே இருக்கேன்."

துண்டித்தேன். முதலில் வேறு ஏதோ செய்தித்தளத்தின் பெயரைக் கொடுத்துப் பார்த்தேன். நேராக மின்னஞ்சலைக் கேட்கத் துணிவில்லை. இப்போது முதல் வரியில் 192.168.1.1 என்று இருந்தது. அது சொன்ன முகவரி ஒன்று. 8.8.8.8 சொன்னது வேறொன்று.

"அக்கா! மாறுது! ரெண்டும் வேற வேற!"

பிள்ளை திடுக்கிட்டு அழுதது.

"கத்தாத. எந்தப் பேரு?" சொன்னேன். "அவ்ளோ பெரிய தளத்துக்கு ஊருக்கு ஊரு சர்வர் இருக்கும். கேக்கிற எடத்துக்கு ஏத்த மாதிரி வேற வேற முகவரி வரும். அது திருட்டு இல்ல, வேறயா இருந்தா உடனே திருட்டுன்னு நெனைக்கக் கூடாது. நம்ம மெயிலுக்கு ஒரே முகவரிதான். அதக் கேளு. கடைசி நம்பர் பதினெட்டா வரணும்."

மின்னஞ்சல் பெயரை ரவுட்டரிடம் கேட்டேன். வந்தது 45-இல் தொடங்கும் முகவரி. அதன் கடைசியில் பதினெட்டு இல்லை. 8.8.8.8-இடம் கேட்டேன். 203, கடைசியில் பதினெட்டு. மீண்டும் ரவுட்டர். 45. மீண்டும், 45. அதே நிதானத்துடன் திரும்பத் திரும்ப அதே பொய்.

நான் வாசித்த ஒவ்வோர் எண்ணையும் அக்கா திரும்பச் சொல்லி எழுதிக்கொண்டார்.

"ரவுட்டர் பேஜ தொற. டிஎன்எஸ் பெட்டியில என்னா இருக்கு?"

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்தவையேதான். ஒருநாளும் மாற்றவில்லை. டிஎன்எஸ் பெட்டியில் எங்களுக்கு இணையம் தரும் நிறுவனத்தின் எண்கள் இல்லை. யாரோ எழுதிவைத்த இரண்டு எண்கள் இருந்தன. அதற்கும் கீழே 'வெளியிலிருந்து நிர்வகித்தல்' என்ற இடத்தில் பச்சைக் குறி.

அந்தப் பச்சைக் குறியை வைத்தது நான்தான். பிரசவம் முடிந்து தாசேக் கெலுகோரில் அம்மா வீட்டில் இருந்தபோது, இங்கே தனியாக இருந்த கணவருக்கு லைன் சரியாக வரவில்லை. அங்கிருந்தே சரிசெய்யலாம் என்று அவரிடம் போனில் சொல்லி அந்தக் கதவைத் திறக்கவைத்தேன். லைன் சரியானது. கதவை மூட மறந்துபோனேன். எட்டு மாதம் திறந்தே கிடந்தது.

"இங்க கேளும்மா," என்றார் அக்கா. குரலில் கேலி இல்லை. "ஒரே ஒரு கேள்வி. பாஸ்வர்ட் போட்டியா?"

பிள்ளை என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. மூச்சு விடும்போது அதன் நெஞ்சில் வழக்கமான மெல்லிய கரகரப்பு. இல்லை என்று சொன்னால், இன்று மாலைவரையாவது எதுவும் மாறாது. கடவுச்சொல்லை நானே சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். ஆனால் அதற்குள் அவர்கள் உள்ளே போயிருந்தால், யாருடைய அஞ்சலையெல்லாம் வாசித்திருப்பார்கள்?

"போட்டேன்கா. மொதல்ல பொய் சொல்லிட்டேன். அமுக்கி, உள்ள போயி, போட்டேன்."

"எத்தன மணிக்கு?"

"ஒம்பது பத்து இருக்கும்."

விசைப்பலகையின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "ஒம்பது இருபதுக்கு ஒருத்தன் உன் பேர்ல உள்ள வந்திருக்கான். இன்னும் உள்ளதான் இருக்கான். வெளிய தள்ளிட்டேன். உன் அக்கவுண்ட்ட லாக் பண்றேன். நீ இன்னும் ஒரு மணி நேரம் சும்மா இருந்திருந்தா..." அவர் முடிக்கவில்லை. "போ, பிள்ளைக்குச் சோறு ஊட்டு. ரிப்போர்ட்ட நீயே எழுது. நான் எழுதினா உனக்கு இன்னும் மோசமா இருக்கும்."

அக்காவிடம் முதலில் சொன்ன பொய்யைத் தவிர, நடந்தது எல்லாவற்றையும் எழுதினேன். அமுக்கினேன் என்ற சொல்லை நான்கு முறை அழித்துவிட்டு நான்கு முறை எழுதினேன்.

மதியம், மாக் மண்டின் ஊரில் தான் வேலை செய்யும் தொழிற்சாலையிலிருந்து கணவர் போன் செய்தார். சொன்னேன்.

"ரவுட்டருக்குக்கூட பேய் புடிக்குமா? கோயில்ல கொண்டுபோய் மந்திரிச்சிரலாமா?"

"வெளையாடாதீங்க. பிள்ளைய தாஸ்காவுல விடச் சொல்வாங்க."

இயந்திரச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார். "விட மாட்டோம்மா. நான் நைட் ஷிப்டுக்கு மாத்திக்கிறேன். பகல்ல நான் பாத்துக்கிறேன்."

"தூங்குவீங்களா?"

"அவ தூங்குறப்ப தூங்குறேன். ரெண்டு பேரும் ஒரே சைசுதானே."

மாலையில் மேலாளரின் பதில் வந்தது. நிறுவனமே ஒரு ரவுட்டர் தரும், அது வந்து பரிசோதித்து முடியும்வரை வீட்டிலிருந்து உள்நுழையக் கூடாது. அதன்பின் அனுமதி தொடரும். உடனே சொன்னதால்தான் இது, என்று கடைசியில் ஒரு வரி. உடனே சொல்லவில்லை என்பது அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

ரவுட்டர் வர இரண்டு வாரம் ஆனது. ஒவ்வொரு நாளும் பாயான் லெப்பாசுக்குப் பஸ் ஏறும்போது, தூக்கக் கண்ணோடு பிள்ளையை வாங்கிக்கொண்ட கணவரின் முகம் கூடவே வரும். மூன்றாம் நாள் பிள்ளைக்குச் சளி பிடித்தது. சாதாரணச் சளிதான், நான்கு நாளில் தானாகப் போய்விட்டது. ஆனால் அந்த நான்கு நாளும் அலுவலகத்தில் போன் அடித்தாலே வீட்டிலிருந்தா என்று முதலில் எண்ணைப் பார்ப்பேன்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். காலையில் மின்னஞ்சலைத் திறக்குமுன் இரண்டு கேள்வி கேட்கிறேன், ரவுட்டரிடம் ஒன்று, 8.8.8.8-இடம் ஒன்று. முதல் வரியைச் சத்தமாக வாசிக்கிறேன். பதினெட்டு, பதினெட்டு. பிறகும் நம்பாமல் இன்னொரு முறை.

வீட்டிலிருந்து மறுபடி வேலையைத் தொடங்கிய முதல் நாள், பிள்ளை மடியில் தூங்கிக்கொண்டிருக்க, தொழிற்சாலை சூப்பர்வைசர் அண்ணன் ஒருவர் போன் செய்தார்.

"தங்கச்சி, அதே வார்னிங் பேஜ் வந்திருக்கு. அட்வான்ஸ்ட் அமுக்கவா?"

"அமுக்காதீங்கண்ணே! கைய எடுங்க. எந்தப் பக்கம்னு மொதல்ல சொல்லுங்க."

"என்னாம்மா நீ? போன மாசம் நீதானே சொன்ன, வந்தா கேக்காம அமுக்கிடுங்கன்னு. நான் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்."

அவர் பிரிவில் எத்தனை பேர் என்று கேட்டேன். கேட்கும்போதே பிள்ளையை இறுக்கிப் பிடித்திருந்தேன் போலிருக்கிறது. அது கண் விழித்து என்னைப் பார்த்தது.