நானூற்றைம்பது ரூபாய்த் தார்ப்பாய்

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று கச்சிராயபாளையத்தில் என் கடையைப் பார்த்துத்தான் மற்ற கடைக்காரர்கள் விலை போடுகிறார்கள். அப்பேர்ப்பட்ட என்னையே ஒரு தார்ப்பாய் குழப்பிவிட்டது.

மருமகள் எழில்மதி வாட்ஸ்அப்பில் போட்ட ஆஃபர் படத்தில், 1,450 ரூபாய்த் தார்ப்பாய், ஒன்று விடுபட்டு 450 ஆகிவிட்டது. உடனே அழித்துவிட்டு, சரியான விலையோடு வருத்தமும் தெரிவித்தாள். ஆனால் பழைய படம் அதற்குள் பல கை மாறியிருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் மலைக்கிராமத்திலிருந்து வெள்ளச்சி என்ற பெண் வந்தாள். சாமை காயவைக்கத் தார்ப்பாய் கேட்டு, அந்தப் படத்தைக் காட்டினாள்.

"வெலய மாத்திட்டோம்மா, பாக்கலியா?"

"எங்கூர்ல ஏதுங்க சிக்னலு? நேத்து சந்தையில தம்பி அனுப்பிச்சான். வூட்டுக்குப் போயி பணம் எடுத்துக்கினு வந்திருக்கேன். இன்னாங்க, திருப்பி அனுப்புவீங்களா?"

"இந்த வெலைக்குக் குடுத்தா மலையே எறங்கி வந்துடும், மாமா" என்றாள் எழில்மதி.

திருத்தம் போய்ச்சேராதவளிடம் திருத்திய விலையை எப்படிக் கேட்பது? 450க்கே கொடுத்தேன்.

பக்கத்துக் கடை கண்ணுசாமி எட்டிப் பார்த்தார். "எனக்கும் அதே படந்தான் வந்துது."

"திருத்தமும் வந்துச்சில்ல?"

"வந்துது. அதுக்கு இன்னா இப்போ?"

மலைக்கு ஒரு விலை, டவுனுக்கு ஒரு விலையா? இத்தனை வருஷம் வியாபாரம் பண்ணிய நான் மிச்சத் தார்ப்பாய்களை எண்ணத் தொடங்கினேன். மலையிலிருந்து வரும் அடுத்த பஸ்ஸின் ஹாரன் கேட்டது.