குணா கேட்ட பூவாக்கு

என் தங்கை பழனியம்மாளின் மூத்த மகன் குணா, திருப்பூர் ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். தைத்து வரும் உருப்படிகளுக்கு இஸ்திரி போட்டு பேக்கிங்குக்கு அனுப்புகிற வேலை. அவன் பெண்டாட்டி சத்யப்பிரியாவும் அங்கேதான், பேக்கிங்கில். அணைத்ததையும் பூட்டியதையும் பத்துத் தரம் திரும்பிப் பார்க்காமல் குணாவுக்கு மனசு அடங்காது. எங்கள் சித்தப்பன் நல்லானும் இப்படித்தான், தறிக்குடோன் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தே வீடு வந்து சேராத ஆள்தான். அப்போது ஊரே சிரித்தது. நோய் என்று யாருக்குத் தெரியும்?

குணாவைப் பார்த்து முதலாளி சிவசுப்பிரமணியத்துக்குச் சிரிப்பு வரவில்லை, ஆசை வந்தது. இவனைப் போல ஜாக்கிரதையானவன் கிடைக்கமாட்டான் என்று சொல்லி ஷட்டர் சாவியைக் குணாவிடமே கொடுத்துவிட்டார். வாட்ச்மேன் வைக்கிற செலவு மிச்சம். அன்று பிடித்தது சனி.

எல்லோரும் போன பிறகு குணா சுவிட்சை அணைப்பான், ஷட்டரை இறக்குவான், பூட்டுவான், தெரு முனை வரை போவான், திரும்புவான். போனில் சுவிட்சைப் படம் எடுத்து வைத்துக்கொள்வான். பிறகு அந்தப் படம் இன்றைக்கு எடுத்ததுதானா என்று சந்தேகம் வரும். சத்யா வாசலில் நின்று, அணைத்தாகிவிட்டது என்று சத்தியம் செய்யவேண்டும். செய்தால் கொஞ்ச தூரம் நடப்பான். அதற்குள் வீட்டுக்குப் போகிற பல்லடம் பஸ் போய்விடும். வீட்டிலும் அதே கதைதான், கேஸ் அடுப்பின் குமிழைத் தொட்டுத் தொட்டு.

என் தங்கைக்கு ஒரு யோசனை வந்தது. கல்யாணத்துக்கும் கிணறு வெட்டுவதற்கும் நாம் முருகன் முன்னால் பூவாக்கு கேட்போமே. சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு, குலுக்கி எடுப்பதில் வெள்ளை வந்தால் சாமி சம்மதம். கம்பெனிக்கு ஒன்றும் ஆகாதுதானே என்று அதையே இதற்கும் கேட்டாள். வெள்ளை வந்தது. "சாமியே சொல்லீருச்சு கண்ணு, இனி எதுவும் ஆவாது" என்று விபூதி பூசிவிட்டாள். அடுத்த வாரமே குணா சட்டைப்பைக்குள் பூப்பொட்டலம் வைத்துக்கொண்டு ஷட்டருக்கு முன்னால் உட்கார்ந்து குலுக்கினான். வெள்ளை வந்தால், சரியாகக் குலுக்கினேனா என்று மறுபடி. சிவப்பு வந்தால் உள்ளே ஓட்டம். பூட்டு போதாதென்று சாமியையும் சரிபார்க்கிற நிலைக்கு அவனைக் கொண்டுவந்து நிறுத்தினாள். நான் தங்கை வீட்டு வாசலில் நின்று கத்தியது பக்கத்து வீதிக்குக் கேட்டிருக்கும்.

அப்புறம்தான் அது நடந்தது. அயர்ன் பாக்ஸை அணைத்தாலும் அடித்தகடு சட்டென்று ஆறாது. குணா உள்ளங்கையை வைத்துப் பார்த்தான், சுட்டது. அணையவில்லையோ என்று சுவிட்சைப் போட்டான், அணைத்தான், மறுபடி போட்டான். அந்தக் குழப்பத்தில் போட்டபடியே விட்டுப் பூட்டிவிட்டான். காலையில் டேபிள் துணி கருகிக் கிடந்தது. அதோடு போனது புண்ணியம்.

ஜாக்கிரதைக்காரன் என்று கொண்டாடிய அதே சிவசுப்பிரமணியம், கவனமில்லாத நாய் என்று எல்லோர் முன்னாலும் திட்டி, கணக்கு முடித்துக்கொள்ளச் சொன்னார். சத்யா பேக்கிங் டேபிளை விட்டு வந்து நின்றாள்.

"கவனம் இல்லாம இல்லீங்க மொதலாளி. அவருக்கு வந்திருக்கறது சீக்கு. அது தெரிஞ்சோ தெரியாமயோ அதை வெச்சு ஓசியில காவல் வாங்குனது நீங்க."

இரண்டு பேருக்கும் வேலை போனது.

நான்தான் அவர்களை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். மனநல டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். ஒருதரம் பார்த்ததும் மனசு அடங்கி அடுத்த வேலைக்குப் போனால் அது கவனம். பார்க்கப் பார்க்கச் சந்தேகம் வளர்ந்து பிழைப்பைத் தின்றால் அது நோய், ஓசிடி என்று பெயர். திரும்பத் திரும்பப் பார்ப்பதால் எது இப்போது பார்த்தது, எது முன்னால் பார்த்தது என்று நினைவே கலங்கிப்போகும். வீட்டார் சொல்லும் ஆறுதலும் பூவாக்கும் அந்த நோய்க்குப் போடுகிற தீனி. மாத்திரை உண்டு. ஆனால் ஒருமுறை பார்த்துவிட்டு வந்துவிடவேண்டும், வருகிற பயத்தைப் பொறுத்து நிற்கவேண்டும், அது தானாகத் தணியும். முதலில் வீட்டு விளக்கு, பிறகு அடுப்பு, கடைசியில் அயர்ன் என்று படிப்படியாகப் பழக்கினார். பூவாக்கைத் தீனி என்றது பிடிக்காமல் பழனியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் விடவில்லை, பூப்பொட்டலத்தைக் கண்டால் உன் வீட்டுப் படி ஏறமாட்டேன் என்றேன்.

மாசங்கள் போய் வேறு கம்பெனியில் இருவருக்கும் வேலை கிடைத்தது. அவரவர் அயர்னை அவரவரே அணைக்கவேண்டும். இதிலும் திரும்பத் திரும்ப உள்ளே ஓடினால் அந்த வேலையும் போகும். முதல் சாயங்காலம் குணா அணைத்தான், பார்த்தான், கேட்டுக்கு வந்தான். கால் நகரவில்லை.

"அணைச்சுட்டனா சத்யா? நீ பாத்தீல்ல?"

"அதுக்குப் பதில் சொல்லமாட்டனுங்க. டாக்டரம்மா சொன்னது ஞாபகமிருக்குல்லங்க. பஸ் வருது, வாங்க."

பஸ்ஸில் பல்லடம் வரை அவளைத் திட்டிக்கொண்டே வந்தானாம். கல் நெஞ்சுக்காரி, கம்பெனி எரிந்தால் உன்னால்தான் என்றெல்லாம். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கும் கோபம்தான், கண்ணில் தண்ணீர் நின்றதாம். பல்லடத்தில் இறங்கினார்கள். எதிர்ப்பக்கம், கம்பெனிக்கே திரும்பிப் போகிற திருப்பூர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. கொஞ்ச நேரம் அதையே முறைத்தான். பிறகு வீட்டுப் பக்கம் நடந்தான்.