அண்ணியின் ஜாமை நான் உயரமாகக் காட்டினேன்

கேமரன் மலையில் எங்கள் எஸ்டேட்டில் டூரிஸ்ட்டுகள் வந்து டீ குடிக்கிற இடத்தை ஒட்டி ஒரு கடை உண்டு. அந்தக் கடையின் படங்களுக்கு வார்த்தை எழுதுவதுதான் என் வேலை. முன்பு பேக்கிங்கில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன். படம் எடுக்க டவுனிலிருந்து ஆள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, ஏஐயில் படம் செய்யலாம் என்று மேனேஜர் முடிவெடுத்தபோது, இங்கிலீஷ் ஓரளவு எழுதத் தெரிந்தவள் என்று என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். பொருளை போனில் ஒரு படம் எடுத்து ஏற்றுவேன். பிறகு அது எங்கே நிற்க வேண்டும், வெளிச்சம் எந்தப் பக்கம், யார் கண்ணால் பார்ப்பது போல் இருக்க வேண்டும் என்று எழுதுவேன். லேபிள் எழுத்துகளை ஏஐ கோணல்மாணலாகப் போட்டுவிடும் என்பதால் கடைசியில் நிஜ லேபிளை நானே அதன் மேல் ஒட்டுவேன்.

யார் கண்ணால் என்பதுதான் இதில் கஷ்டமானது. அதை எனக்குப் புரிய வைத்தது கடை அலமாரிதான். மேல் தட்டு தலைக்கு மேலே. அங்கே இருப்பதை எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நடுத் தட்டு கண்ணுக்கு நேரே. கீழ்த் தட்டு முழங்கால் உயரம். அங்கே இருக்கிற எதற்கும் மூடிதான் முதலில் தெரியும். ஆகவே கீழ்த் தட்டுச் சாமானுக்கும், சோப்பு, பிஸ்கட் பெட்டி மாதிரித் தட்டையான சாமானுக்கும் ‘டாப் டவுன்’ என்று எழுதுவேன். மேலிருந்து நேராகக் கீழே பார்ப்பது. நடுத் தட்டு டீ பெட்டிக்கு ‘ஐ லெவல்’. கேமரா பெட்டியின் பாதி உயரத்தில், முன்பக்கம் நேராக, ஓரக்கோடுகள் சாயாமல். மேல் தட்டுப் பெரிய டப்பாக்களுக்கு ‘லோ ஆங்கிள் ஹீரோ’. அந்த மூன்று சொல்லை மட்டும் எழுதினால் ஏஐ அரைகுறையாகத்தான் சாய்க்கும். கேமரா மேசையோடு ஒட்டி இருக்கிறது, லென்ஸ் மேல்நோக்கி நிமிர்ந்திருக்கிறது, பின்னால் தெரியும் மலையைவிட டப்பாவின் மூடி உயரத்தில் நிற்கிறது என்று விளக்கி எழுத வேண்டும். அப்போதுதான் டப்பா கோபுரம் மாதிரி நிற்கும்.

சின்னச் சாமானை அப்படி நிறுத்தினால் அது பெரிய சாமானாகிவிடும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

என் அண்ணன் திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறான். அண்ணி கியா பார்ம் என்ற பக்கத்து ஊரில் ஒரு ஸ்ட்ராபெரி தோட்டத்தில் பழம் பறிப்பாள். கொஞ்சம் நசுங்கிய பழத்தைத் தோட்டத்துக்காரர் அவளுக்கே கொடுத்துவிடுவார். அதை வீட்டில் ஜாமாக்கிச் சின்னச் சின்ன பாட்டிலில் அடைப்பாள். பாட்டில் உள்ளங்கைக்குள் அடங்கும். மூடியைத் திறந்தால் பழம் பழமாகவே கிடக்கும். நான் சாப்பிட்டதிலேயே நல்ல ஜாம் அதுதான். சொந்தக்காரி என்பதற்காகச் சொல்லவில்லை.

கடையில் வைக்கச் சொல்லி மேனேஜரிடம் நான்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒருநாள் ஒரு பாட்டிலைத் திறந்து ருசி பார்த்துவிட்டு, “சரி, கீழ்த் தட்டுல ஒரு வரிசை வச்சுக்கோ. ஓன்லைன் பக்கத்துலயும் போட்டுடு” என்றார். மேலே இருக்கிற தட்டுகள் எல்லாம் எஸ்டேட் டீக்கு.

நான் முறைப்படியே எழுதினேன். மேலிருந்து பார்வை. மரப்பலகை மேல் மூடி திறந்த பாட்டில், உள்ளே பழத்துண்டுகள் தெரிய வேண்டும், பக்கத்தில் ஒரு டீ ஸ்பூன், கடித்த ரொட்டி ஒரு துண்டு. ஸ்பூன் வைத்தது அளவுக்காக. ஸ்பூன் எவ்வளவு பெரியது என்று எல்லாருக்கும் தெரியும். படம் நன்றாக வந்தது. அட்டையில் அச்சடித்துக் கீழ்த் தட்டில் மாட்டினோம். குனிந்து பார்க்கிறவர்களுக்கு அட்டையில் இருப்பதும் தட்டில் இருப்பதும் ஒன்றாகவே தெரிந்தது. ஜாம் வேகமாக விற்கவில்லை என்றாலும் போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி கடைக்கு வந்தாள். மஞ்சள் சேலை கட்டி, பூ வைத்து, கோயிலுக்குப் போகிற மாதிரி வந்திருந்தாள். தன் ஜாம் எங்கே என்று கண் உயரத்தில்தான் தேடினாள். நான் கையைக் காட்டிய பிறகு குனிந்தாள். கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்தாள்.

“மண்டைக்கு மேல இருந்து பாக்குற மாதிரி இருக்கே,” என்றாள்.

“கீழ்த் தட்டுல வச்சா அப்படித்தான் தெரியும் அண்ணி. அதுக்கு ஏத்த மாதிரி எழுதினேன்.”

அவள் நிமிர்ந்து மேல் தட்டைப் பார்த்தாள். அங்கே எஸ்டேட்டின் புது டீ டின். நிஜத்தில் அதுவும் அண்ணியின் பாட்டில் அளவுதான். மேனேஜர் சொன்னதால் அதற்கு லோ ஆங்கிளில் எழுதியிருந்தேன். படத்தில் பின்னால் தேயிலை மலையெல்லாம் அதன் இடுப்பு உயரத்துக்குக் கூட வராமல், டின் மட்டும் வானத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

“அது எப்படி நிக்கிது பாரு. நம்ம சாமான் தரையில கெடக்குற மாதிரி இருக்குலா,” என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். “நம்மளதையும் அப்படி நிக்க வச்சு ஒரு படம் போடக்கூடாதா?”

அன்றைக்கு மத்தியானமே மாற்றி எழுதினேன். கேமரா மேசையோடு ஒட்டி, பாட்டில் வானத்தை நோக்கி, பின்னால் தூரத்தில் ஸ்ட்ராபெரி தோட்டம். பாட்டில் தடியாகத் தெரிய அகலமான லென்ஸ் என்றும் சேர்த்தேன். பழைய வரிகளில் ஸ்பூனும் ரொட்டியும் இருந்தன. முதல் படத்தில் ஸ்பூன் பக்கத்தில் நின்றதும் பாட்டில் மறுபடி சின்னதாகிவிட்டது. ஸ்பூனை எடுத்தேன். ரொட்டியையும் எடுத்தேன். லேபிளை மேலே போகப்போகக் குறுக்கி ஒட்ட ரொம்ப நேரமானது. முடித்துப் பார்த்தபோது அது ஒரு குடும்பம் மாதக்கணக்கில் சாப்பிடுகிற ஜாம் மாதிரி இருந்தது. ஓன்லைன் பக்கத்தில் பழைய படத்தை எடுத்துவிட்டு இதைப் போட்டு, அண்ணிக்கும் போனில் அனுப்பினேன். அண்ணி அதைத் தன் போனின் முகப்புப் படமாக வைத்துக்கொண்டாள்.

ஓன்லைனில் ஓர்டர் குவிந்தது. அண்ணி பழம் பறிக்கும் வேலைக்கு இரண்டு நாள் போகாமல் ஜாம் கிண்டினாள். அண்ணன் லோரியில் போகும்போது பெட்டி பெட்டியாகக் கடையில் இறக்கிவிட்டுப் போனான். அந்த வாரம் எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் என்னைப் பிடித்திருந்தது.

பிறகு சாமான் போய்ச் சேர ஆரம்பித்தது.

முதலில் ஈப்போவிலிருந்து ஒரு பெண் படம் போட்டிருந்தாள். அண்ணியின் பாட்டில் அவள் உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது. கீழே ஒரே வரி: படத்தில் பார்த்தது இதுவா? அதற்குக் கீழே வரிசையாக மற்றவர்கள். ஏமாற்று என்று எழுதினார்கள். கேமரன் ஆட்களே இப்படித்தான் என்றும் ஒருவர் எழுதினார். ஜாம் ருசியைப் பற்றி ஒருத்தரும் எழுதவில்லை. கோபத்தில் திறந்திருக்கவே மாட்டார்கள். கடையிலும் கோளாறு. நேரில் வந்தவர்கள் போனில் அந்தப் படத்தைக் காட்டி, மேல் தட்டில் பெரிய பாட்டிலைத் தேடினார்கள். சாமான் அடுக்குகிற அம்மா கீழே காட்டியதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“ஸ்பூன் வச்ச படம் இருந்துச்சே. யார் மாத்தினது?”

“நான்தான் சார்.”

“உனக்கு இது தெரியாதா? சின்னச் சாமானுக்கு லோ ஆங்கிள் போட்டா என்ன ஆகும்னு நீதானே எனக்கே சொன்ன.”

“புது டின்னும் அதே சைஸ்தான் சார். அதுக்கும் அப்படித்தானே போட்டிருக்கோம். அதுக்கும் ரெண்டு மூணு பேர் எழுதியிருக்காங்க.”

அவர் என்னை அலுப்போடு பார்த்தார். “அது நம்ம டின். எடை லேபிள்ல இருக்குன்னு பதில் போட்டாச்சு. வெளி ஆள் சாமானுக்கு நான் பதில் போட்டுக்கிட்டு இருக்க முடியாது. நாளைக்கு ஜாமைத் தட்டுலேருந்து எடுத்துடு.”

ஜாமிலும் எடை லேபிளில் இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அவ்வளவுதான்.

மறுநாள் மிச்ச பாட்டில்களைப் பெட்டியில் போட்டு அண்ணி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அடுப்பில் பழம் கொதித்துக்கொண்டிருந்தது. பெட்டியைப் பார்த்தாள்.

“என்னாச்சு?”

“வெளி சாமான் வேணாம்னு சொல்லிட்டாங்க அண்ணி.”

“ஜாம் நல்லா இல்லியா?”

ஜாமில் குறை ஒன்றும் இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். நான் ஒரு நிமிஷம் தயங்கினேன். அந்தத் தயக்கத்தைப் பதிலாக எடுத்துக்கொண்டு அண்ணி அடுப்பை அணைத்தாள். அவள் நினைப்பை நான் திருத்தவில்லை. ஜாம்தான் குறை என்று அவள் நினைத்துக்கொண்டால் என் படத்தைப் பற்றிப் பேச்சு வராது. அந்த நேரத்தில் அப்படித்தான் நினைத்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு மாதம் அவள் கிண்டவே இல்லை. சக்கரை அதிகமாகிவிட்டதோ, நசுங்கிய பழம் என்று கண்டுபிடித்துவிட்டார்களோ என்று அண்ணனிடம் புலம்பினாளாம். பிறகு கம்போங் ராஜாவில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, எங்கள் கடையில் சாமான் அடுக்குகிற அம்மாவைப் பார்த்திருக்கிறாள். அந்தம்மா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அன்று மாலையே அண்ணி எங்கள் லைன் வீட்டுக்கு வந்தாள். என் அம்மா கொடுத்த டீயை வாங்கவில்லை.

“ஜாம்ல ஒண்ணும் குத்தம் இல்லியாமே,” என்றாள்.

“இல்ல அண்ணி.”

“படம்தான் காரணமாமே.”

“நீங்கதானே நிக்க வச்சுக் காட்டச் சொன்னீங்க.” இதைச் சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

“ஆமா, நான்தான் கேட்டேன். எனக்கு என்ன தெரியும்? பெருசா காட்டுனா நல்லாருக்கும்னு நெனச்சேன். சின்னதச் சின்னதாத்தான் காட்டணும்னு சொல்ல வேண்டியது உன் வேலைலா.” கொஞ்சம் நிறுத்தினாள். “அது கூடப் பரவால்ல. ரெண்டு மாசமா என் கையத்தானே நான் திட்டிக்கிட்டு இருந்தேன். நீ பாத்துக்கிட்டுதானே இருந்த.”

அவள் போன பிறகு ஆறிப்போன டீயை அம்மா உள்ளே எடுத்துப் போனாள்.

அண்ணி இப்போது ஒரு பூத்தோட்டத்தில் செவ்வந்தி கட்டு கட்டுகிறாள். தீபாவளிக்கு வந்தால் என்னிடம் உடம்பு எப்படி என்று கேட்பாள், நானும் கேட்பேன். ஜாம் பேச்சு வராது. கடைக்கு அவள் அப்புறம் வரவே இல்லை. எஸ்டேட் டின் இன்னும் மேல் தட்டில்தான் இருக்கிறது. படத்தை ஐ லெவலுக்கு மாற்றி, பக்கத்தில் ஒரு கப் வைக்கலாம் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். மேனேஜர் சிரித்தார். வருகிற புகார்களுக்கு இப்போது பதில் போடுவது நான்தான். எடை லேபிளில் உள்ளது, நன்றி.

போன மாதம் ஒரு தேன்காரர் வந்தார். மெலிந்த சின்ன பாட்டில். கீழ்த் தட்டில்தான் இடம் கிடைத்தது. மேலிருந்து கொஞ்சம் சாய்வாகப் பார்வை, பக்கத்தில் எலுமிச்சம்பழம் என்று எழுதினேன். எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் பாட்டில் எவ்வளவு சின்னதோ அவ்வளவு சின்னதாகவே தெரிந்தது. படத்தைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது. பழத்தை எடுத்துவிட்டு நிமிர்த்திப் போடச் சொன்னார். முடியாது என்றேன். காரணம் கேட்டார். சாமான் இந்த அளவுதான் என்றேன்.

“நம்ம ஆளா இருந்துக்கிட்டு நீயே இப்படிச் செய்றியேம்மா,” என்று சொல்லிவிட்டு, பாட்டில்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.