ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ

சங்ககிரியில் லாரிப் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கும் குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் காலையில் சௌந்திரம் வந்து நின்றால் தெருவே விழித்துக்கொள்ளும். அப்படி ஒரு தொண்டை அவளுக்கு! "வாங்க சாமி! ஆத்தாடி, இன்னைக்குப் புதுச் சட்டையா?" என்று ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லி வாங்கி, நெற்றியில் கைவைத்துப் பார்த்து, இடுப்பில் ஏற்றிக்கொள்வாள். பிறகு பெற்றவர்களிடம் கேட்பாள்: "புள்ளையப் பத்தி மனசுல ஏதாச்சும் கவலை இருக்குதுங்களா? சொல்லுங்க."

இப்படிக் கேட்க வேண்டும் என்று காப்பக வேலைக்குச் சேர்ந்தபோது பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவளும் ஒருநாள் விடாமல் கேட்டாள். ஆனால் எல்லோரும் "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு ஓட்டமாய் ஓடினார்கள். ஓடாமல் என்ன செய்வார்கள்? வேலைக்குக் கிளம்புகிறவனை "எங்கே போறே" என்று கேட்டாலே முறைக்கிற ஊர் இது. கிளம்புகிற வாயால் பெற்ற பிள்ளையைப் பற்றிக் குறை சொல்வார்களா, அதுவும் பின்னால் நாலு பேர் நிற்கும்போது? இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த சௌந்திரத்துக்கு இது தெரியாததா! பயிற்சி என்றதும் மறந்து தொலைத்துவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை, நூல் மில்லுக்குப் போகும் பிரவீனா தன் மகள் மதுமதியைக் கொண்டுவந்து விட்டாள். கேள்விக்கு வழக்கம்போல "ஒண்ணுமில்லீங்க்கா" என்றாள். ஆனால் போகாமல் கேட்டருகே நின்று மகளையே பார்த்தாள். நாலடி நடந்தாள், மறுபடியும் நின்றாள். சௌந்திரம் கேட் வரைக்கும் ஓடினாள்.

"கண்ணு, பிரவீனா!"

"ஐயோ அக்கா, போறப்பப் பின்னால கூப்பிடறீங்களே!"

சௌந்திரம் தலையில் அடித்துக்கொண்டாள். கிளம்புகிறவர்களை நிறுத்திக் கேட்டதுதான் தப்பு என்று அங்கேதான் அவளுக்கு விளங்கியது. "தப்புத்தான் கண்ணு. உள்ள வா. உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் புதுசாக் கெளம்பு, ஒண்ணும் ஆவாது." கூட வேலை பார்க்கும் பூவாத்தாளிடம் வாசலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பிரவீனாவை யார் காதிலும் விழாத சமையலறை மூலைக்குக் கூட்டிப்போனாள்.

உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் பிரவீனாவின் வாய் தானாகத் திறந்தது. "அக்கா, பின்னால நின்னு கூப்பிட்டா இவ திரும்பறதே இல்லீங்க. ரெண்டு வயசாகப் போவுது, அம்மான்னுகூடச் சொல்ல மாட்டீங்கறா. அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான்னு ஊட்டுல சொல்றாங்க. வாய்விட்டுச் சொன்னா நெசமாயிருமோன்னு பயமா இருக்குதுங்க்கா."

சௌந்திரத்துக்குச் சுரீர் என்றது. 'தட்டு விழுந்தாலும் அசையாமத் தூங்கற தங்கம்' என்று இந்தப் பிள்ளையைப் பற்றிச் சாயங்காலந்தோறும் பெருமையடித்தது அவள்தானே!

"என்னன்னு சொல்ல நான் டாக்டர் இல்ல கண்ணு. ஆனா நீ சொன்னதை லேசா உடக்கூடாது. இன்னைக்குப் பூரா நானும் பாத்துட்டுச் சாயங்காலம் சொல்றேன்."

அன்று முழுக்க மதுமதியின் முதுகுக்குப் பின்னால் கைதட்டினாள், கிலுகிலுப்பையை ஆட்டினாள், பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பிள்ளை திரும்பவே இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி சாயங்காலம் பிரவீனாவிடம் சொன்னாள். அந்த வாரமே இருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சேலத்தில் காது டாக்டரிடம் போனார்கள். பிள்ளையைத் தூங்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டிப் பரிசோதித்தார்கள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் ரொம்பக் குறைவு. கருவி மாட்டிப் பார்க்கலாம், எந்த அளவுக்கு உதவும் என்பதைப் பழகப் பழகத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். வடக்கே லோடு ஏற்றிப் போயிருந்த கணவன் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "புள்ளைக்குக் கேக்குமா?" டாக்டர் சொன்னதையே பிரவீனா திருப்பிச் சொன்னாள்.

இதற்கிடையில் காப்பக வாசலுக்கு உள்பக்கம் ஒரு பெஞ்சும் தண்ணீர்க் குடமும் வந்து சேர்ந்தன. "ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று உட்காரவைத்து ஒவ்வொருவராக மெல்லக் கேட்டாள் சௌந்திரம். அப்பப்பா, எத்தனை கவலை! சோறு இறங்காதது, ராத்திரி வீறிடுவது, தம்பி பிறந்ததிலிருந்து கடிப்பது என்று மனசில் கிடந்ததையெல்லாம் கொட்டினார்கள்.

கருவி மாட்டிய மறுநாள் காலை பிரவீனா மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். வாசலில் நின்ற சௌந்திரத்துக்குக் கூப்பிட்டுப் பார்க்கவே பயமாக இருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அவளுக்குச் சத்தம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து எதிர்ப் பட்டறையிலிருந்து வெளியே வந்த லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டது. மதுமதி தூக்கிப்போட்டாற்போலத் துள்ளினாள். முகம் கோணியது. வீல் என்று அழுதாள்.

"அக்கா, பயந்துட்டாங்க்கா! எம்புள்ள பயந்துட்டா!" பிரவீனா அழுதுகொண்டே சிரித்தாள்.

டிரைவர் பதறிப்போய் எட்டிப்பார்த்தார். "ஏனுங்க, புள்ளையப் பயமுறுத்திட்டனுங்களா?"

"நீங்க நூறு வருசம் நல்லா இருக்கோணும் சாமி!" என்று மதுமதியின் முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினாள் சௌந்திரம்.

பிள்ளை அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்த்தாள்.